மதிப்புரைக்கு எப்படி மதிப்பெண் போடுவது?

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ஒரு பயிற்சி உண்டு. பள்ளி ஆண்டு விழா மலருக்காக, நூலகத்தில் படித்த ஒரு நூலுக்கு மதிப்புரை எழுதச் சொல்லும் பயிற்சி. அதற்குக் குறிப்புகளும் தரப்பட்டிருக்கும்: நூலின் தலைப்பு, மையப்பொருள், மொழிநடை, வெளிப்படுத்தும் கருத்து, நூலின் நயம், கட்டமைப்பு, சிறப்புக் கூறு, நூல் ஆசிரியர்.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நூலின் குறையைச் சொல்ல இதில் ஒரு தலைப்பும் இல்லை. படித்த மாணவர் அந்த நூலை ஏற்கிறாரா, ஏன் ஏற்கிறார் என்று கேட்கும் தலைப்பும் இல்லை. அதனால் பிள்ளைகள் எட்டுத் தலைப்பையும் பாராட்டால் நிரப்பிவிடுகிறார்கள். நடை எளிய நடை, கருத்து அரிய கருத்து, நூல் அனைவரும் படிக்க வேண்டிய நூல். புத்தகத்தைத் திறக்காமலேயே இவற்றை எழுதிவிடலாம். திருத்துகிற ஆசிரியரும் தலைப்புகள் எட்டும் இருக்கின்றனவா என்று பார்த்து மதிப்பெண் போட்டுவிடுகிறார்.

கல்லூரி ஒப்படைப்பிலும் நூலக வார விழாப் போட்டியிலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. ஒரே மதிப்புரைக்கு ஒரு நடுவர் 15 போடுவார், மற்றவர் 8 போடுவார். கேட்டால் இருவருமே "மொத்தமாகப் படித்தபோது அப்படித் தோன்றியது" என்பார்கள். மொத்தமாகப் படித்துப் போடுகிற மதிப்பெண்ணில் மூன்று வேறு திறன்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. நூல் சொன்னதை நேர்மையாகச் சுருக்கிச் சொல்வது ஒன்று. நூல் எங்கே நிற்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று காட்டுவது இரண்டாவது. அதன் பிறகு தன் முடிவைக் காரணத்தோடு சொல்வது மூன்றாவது. இவற்றில் ஒன்றில் தேர்ந்தவர் மற்றொன்றில் தடுக்கி விழலாம். ஆகவே மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் போட வேண்டும்.

மொத்தம் 20 என்றால், சுருக்கத்துக்கு 6, விமர்சனத்துக்கு 8, தீர்ப்புக்கு 6 என்று பிரிக்கலாம். விமர்சனத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வைப்பதற்குக் காரணம், நூலைத் திரும்பத் திரும்பப் புரட்டாமல் அதை எழுத முடியாது என்பதுதான். மொழிக்கெனத் தனி மதிப்பெண் தேவையில்லை. பிழையால் பொருள் புரியாமல் போகும் இடத்தில் அந்தந்தப் பகுதியிலேயே குறைத்தால் போதும். இல்லாவிட்டால் அழகான கையெழுத்தும் அடுக்குமொழியும் படிக்காத நூலுக்குப் பரிசு வாங்கித் தந்துவிடும்.

இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு கதையை வைத்துப் பார்ப்போம். ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வந்த சிறுகதை. வந்தபோதே வாசகர்களிடையே பெரிய வாதத்தைக் கிளப்பியது. மழை பெய்யும் மாலையில் பேருந்துக்காகக் காத்திருக்கும் கல்லூரி மாணவி ஒருத்தியை, பெரிய காரில் வரும் இளைஞன் ஒருவன் வீட்டில் விடுவதாகச் சொல்லி ஏற்றிக்கொள்கிறான். ஆளில்லாத இடத்துக்குக் கொண்டுபோகிறான். காருக்குள் நடப்பதை எதிர்க்கவும் தெரியாமல், புரிந்துகொள்ளவும் முடியாமல் அவள் தவிக்கிறாள். பிறகு அவன் அவளைக் கொண்டுவந்து விட்டுப் போய்விடுகிறான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா முதலில் அலறி, அவளை அடிக்கிறாள். சத்தம் கேட்டு வந்து விசாரிப்பவர்களிடம் வேறு காரணம் சொல்லி மறைக்கிறாள். பிறகுதான் அவள் மனம் திரும்புகிறது. மகளை உட்காரவைத்துத் தலையில் தண்ணீரைக் கொட்டி, இது நீரல்ல நெருப்பு, நீ தூய்மையாகிவிட்டாய் என்ற பொருளில் பேசித் தேற்றுகிறாள்.

இந்தக் கதைக்கு ஒரு மாணவர் எழுதக்கூடிய மதிப்புரையை மாதிரிக்காக நானே எழுதி வைத்துக்கொண்டேன். பல ஆண்டுகளாகத் திருத்திய தாள்களில் பார்த்த குணங்கள் அதில் இருக்கின்றன. அதன் முதல் பகுதி இது:

"மழையில் காத்திருந்த ஒரு மாணவியைக் காரில் ஏற்றிச் சென்ற இளைஞன் அவள் வாழ்க்கையைக் கெடுத்துவிடுகிறான். அவள் வீட்டுக்கு வந்து அழுகிறாள். அம்மா அன்போடு அவள் தலையில் நீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். தாயன்பின் பெருமையைச் சொல்லும் கதை இது."

மேலோட்டமாகப் பார்த்தால் கதை முழுவதும் வந்துவிட்டது போலத் தோன்றும். சுருக்கத்தைச் சோதிக்க நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எழுதிய ஆசிரியர் இதைப் படித்தால், ஆமாம், நான் சொன்னது இதுதான் என்று ஒப்புக்கொள்வாரா? இங்கே ஒப்புக்கொள்ள மாட்டார். அம்மா முதலில் அடித்தாள் என்பது விடுபட்டிருக்கிறது. கதையின் உயிரே அந்தத் திருப்பத்தில் இருக்கிறது. ஊரைப் போலவே நினைத்துப் பதறியவள், அந்த நினைப்பை அதே இரவில் தாண்டி வருகிறாள். 'அன்போடு' என்ற ஒரு சொல்லைப் போட்டதும், போராடி ஒரு முடிவுக்கு வந்த பெண், தொடக்கத்திலிருந்தே கனிந்த தாயாக மாறிவிடுகிறாள்.

'வாழ்க்கையைக் கெடுத்துவிடுகிறான்' என்பது இன்னும் கவனிக்க வேண்டிய பிழை. மகளின் வாழ்க்கை கெட்டுவிட்டது என்பதை மறுக்கத்தான் அம்மா தண்ணீரை எடுக்கிறாள். கதை எதை மறுக்கிறதோ அதையே கதையின் கருத்தாகச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார் மாணவர். சுருக்கத்தில் தன் கருத்து நுழைந்துவிடக் கூடாது என்று நாம் சொல்வது இதற்காகத்தான். நன்னூல் ஒரு நூலுக்குரிய பத்துக் குற்றங்களைச் சொல்லும்போது குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மற்றொன்று விரித்தல் என்று பெயரிட்டு வைத்திருக்கிறது. சுருக்கம் தவறும் வழிகள் பெரும்பாலும் இந்த மூன்றில் அடங்கிவிடும். நம் மாணவர் அம்மாவின் முதல் கோபத்தைக் குன்றக் கூறினார், தாயன்பை மிகைபடக் கூறினார். நிகழ்ச்சிகளின் வரிசை சரியாக இருப்பதால் பாதி மதிப்பெண் தரலாம். 6க்கு 3.

அந்தத் திருப்பம் அவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்களுக்கு ஜெயகாந்தனே பதில் சொல்லியிருக்கிறார். கதைக்கு வந்த எதிர்வினைகளுக்குப் பிறகு, அம்மா அப்படி நடந்துகொள்ளாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற திசையில் அவர் ஒரு நாவலே எழுதினார். தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்ற பெயரில் தொடராக வந்து, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்று நூலானது அதுதான். அதற்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அங்கே விஷயம் மூடப்படாமல் வெளியே தெரிந்துவிடுகிறது, கங்காவின் வாழ்க்கை வேறு பாதையில் போய்விடுகிறது. ஒரு செயலை மாற்றியதும் ஒரு சிறுகதை இன்னொரு நாவலாகிறது. அந்தச் செயலை அரைகுறையாகச் சொன்ன சுருக்கத்துக்கு முழு மதிப்பெண் எப்படித் தர முடியும்?

இன்னொரு சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். சில சுருக்கங்கள் கதை நடுவிலேயே நின்றுவிடும். 'அதன்பின் அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதே கதை' என்று முடிந்திருக்கும். பின்னட்டைக் குறிப்பில் முடிவைச் சொல்ல மாட்டார்கள் என்பதால், அதைப் பார்த்து எழுதியவர் இப்படித்தான் எழுதுவார். பத்திரிகை மதிப்புரையில் முடிவை மறைப்பது முறை. வகுப்புக்கும் போட்டிக்கும் எழுதும்போது முடிவையும் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால், படித்தவரும் படிக்காதவரும் தாமாகவே பிரிந்துவிடுவார்கள்.

இனி மாதிரி மதிப்புரையின் இரண்டாம் பகுதி:

"தண்ணீர் ஊற்றியதால் சுத்தமானாள் என்றால், அதற்கு முன்பு அவள் அசுத்தமாக இருந்தாள் என்று அம்மாவும் நினைத்ததாகத்தானே பொருள்? தலைப்பு சீதையின் தீக்குளிப்பை நினைவூட்டுகிறது. அங்கேயும் பெண்தான் நெருப்பில் இறங்கினாள். இங்கேயும் தவறு செய்தவன் காரில் போய்விடுகிறான், குளிக்க வேண்டியவள் இவளாகிறாள். ஆசிரியரின் நடை மிக அருமை. வர்ணனைகள் உயிரோட்டமானவை."

முதல் பகுதியில் தடுமாறிய அதே மாணவர் இங்கே நிமிர்ந்து நிற்கிறார். விமர்சனத்துக்கான கேள்வி, இந்தக் கருத்தை நூலின் எந்த இடத்தில் விரலை வைத்துக் காட்ட முடியும் என்பது. தண்ணீர் ஊற்றும் இடம், தலைப்பு, கார் திரும்பிப் போவது என்று மூன்று இடங்களில் அவர் விரல் வைக்கிறார். மூன்றையும் கோத்து, அம்மாவின் ஆறுதலுக்குள்ளேயே பழைய தூய்மைக் கணக்கு ஒளிந்திருக்கிறது என்று காட்டுகிறார். இது கதையை உள்ளிருந்தே சோதிக்கும் விமர்சனம்.

கடைசி இரண்டு வாக்கியங்களுக்கு மட்டும் மதிப்பெண் கிடையாது. நடை அருமை என்றால் எந்த இடத்தில்? வர்ணனை உயிரோட்டம் என்றால் எந்த வர்ணனை? இந்தக் கதையிலேயே அதற்கு நல்ல சான்று இருக்கிறது. காரில் அந்த இளைஞன் கொடுத்த சூயிங்கத்தை அவள் வீடு திரும்பிய பிறகும் மென்றுகொண்டிருக்கிறாள். அம்மா அதைத் துப்பச் சொல்கிறாள். நடந்ததன் மிச்சம் அவள் வாயில் இருப்பதை, விளக்கம் எதுவும் சொல்லாமல் ஒரு சின்னப் பொருளால் காட்டிவிடுகிறார் ஆசிரியர். இதைச் சுட்டியிருந்தால் பாராட்டும் விமர்சனமாகியிருக்கும். பாராட்டுக்கும் இடம் காட்ட வேண்டும், குறைக்கும் இடம் காட்ட வேண்டும். விமர்சனம் என்றால் குறை சொல்வது என்று நினைத்து, குறை சொன்னவருக்கெல்லாம் கூடுதல் மதிப்பெண் போடும் நடுவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தவறு.

முழு 8 ஏன் தரவில்லை என்றும் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்புக்கு என்ன பதில் இருக்கும் என்று மாணவர் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த அம்மாவின் உலகில் தூய்மை, தீட்டு என்ற மொழி மட்டுமே இருக்கிறது, அந்த மொழியை வைத்துக்கொண்டே அவள் மகளை மீட்கிறாள் என்று ஆசிரியர் சார்பில் ஒருவர் வாதிடலாம். அதைச் சொல்லி, அதற்கும் பதில் சொல்லியிருந்தால் விமர்சனம் முழுமை பெற்றிருக்கும். பிறர் கருத்தை முதலில் ஏற்று எடுத்துரைத்து, அதன் பிறகே களைவதை நன்னூல் எழுவகை மதங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. 8க்கு 6.

மூன்றாம் பகுதி மிகவும் சிறியது:

"இது எல்லோரும் படிக்க வேண்டிய கதை. பெண்கள் முன்பின் தெரியாதவர் காரில் ஏறக் கூடாது என்ற பாடத்தை நமக்குத் தருகிறது."

இங்கே தீர்ப்பு இருக்கிறது, காரணம் இல்லை. தீர்ப்புக்கான கேள்வி, இந்த முடிவு மேலே சொன்ன விமர்சனத்திலிருந்து பிறந்ததா என்பது. இரண்டாம் பகுதியில், தவறு செய்தவனை விட்டுவிட்டுப் பெண்ணைக் குளிப்பாட்டுகிறார்கள் என்று சரியாகக் கேட்டவர், மூன்றாம் பகுதியில் தானே அந்தப் பெண்ணின் மீது பழியைப் போடுகிறார். கதை சொல்லாத ஒரு பாடத்தையும் அதன் மேல் ஏற்றிவிட்டார். நீதி சொல்லி முடித்தால்தான் கட்டுரை முடியும் என்று பள்ளியில் ஏற்பட்ட பழக்கம் இது. 6க்கு 1.

இதே இடத்தில் இன்னொரு மாணவர் இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: "அம்மாவின் முடிவை மதிக்கிறேன். மகளைத் தள்ளிவைக்காமல் தன்னோடு சேர்த்துக்கொண்டது அந்தக் காலத்தில் எளிய காரியமில்லை. ஆனால் கதையின் முடிவு எனக்குப் போதவில்லை. அம்மா காப்பாற்றும் வழி விஷயத்தை மூடிவைப்பதுதான். மகளுக்காக அம்மா பேசுகிறாள், மகள் என்ன நினைக்கிறாள் என்பதை அந்த முடிவு எனக்குச் சொல்லவில்லை." இவர் ஏற்பதையும் ஏற்காததையும் பிரித்துச் சொல்கிறார், ஒவ்வொன்றுக்கும் கதையிலிருந்தே காரணம் தருகிறார். இது 5க்குக் குறையாது. நடுவருக்கு ஜெயகாந்தன் மீது எவ்வளவு பற்று இருந்தாலும் இந்த மதிப்பெண் குறையக் கூடாது. அதே கதையை முழுமையாக ஏற்றுக்கொண்டு, இதே அளவு காரணத்தோடு ஒருவர் எழுதினால் அவருக்கும் அதே 5 கிடைக்க வேண்டும்.

தமிழ் விமர்சனத்திலேயே இந்த வாதம் நடந்திருக்கிறது. க.நா.சுப்ரமண்யம் தேர்ந்த வாசகரின் ரசனையை நம்பியவர். நல்ல படைப்புகளைப் பட்டியலாகவே தந்தவர். சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கி, படைப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆராயும் அலசல் விமர்சனத்தை வளர்த்தார். க.நா.சு.வின் பட்டியலை நாம் மதிப்பதற்கு அவருடைய நெடுங்கால வாசிப்பு பின்னால் நிற்கிறது. ஒரு மாணவருக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. ஆகவே அவர் செல்லப்பாவின் வழியில், காரணத்தை எழுதிக் காட்டித்தான் ஆக வேண்டும். மதிப்பெண்ணும் அந்தக் காரணத்துக்குத்தான்.

ஆக மொத்தம் 3, 6, 1. கூட்டினால் 20க்கு 10. வெறும் 10 என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்திருந்தால், சுமாராக எழுதியிருக்கிறோம் என்று அந்த மாணவர் நினைத்திருப்பார். உண்மையில் அவர் நன்றாகச் சிந்திப்பவர். கதையைக் கவனமாகத் திரும்பச் சொல்லவும், தான் கண்டுபிடித்ததை முடிவு வரை கொண்டுபோகவும் அவருக்குத் தெரியவில்லை. மூன்று எண்களும் தனித்தனியே இருந்தால்தான் அடுத்த மதிப்புரையில் எதைத் திருத்துவது என்று அவருக்குத் தெரியும்.

கதைக்குப் பதிலாக ஒரு கட்டுரைக்கு எதிர்வினை எழுதச் சொன்னாலும் அளவுகோல் இதுதான். சுருக்கத்தில் மட்டும் ஒரு கூடுதல் கவனம் வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுப்பாடத்தைக் குறைக்கலாம் என்று ஒருவர் கட்டுரை எழுதியிருப்பார். எதிர்வினையாளர், 'வீட்டுப்பாடமே கூடாது என்கிறார் கட்டுரையாளர்' என்று தொடங்கி அதை அடித்து நொறுக்குவார். 'ஐந்தாம் வகுப்பு வரை', 'குறைக்கலாம்' என்ற இரண்டு வரம்புகளும் காணாமல் போயிருக்கும். படிக்க விறுவிறுப்பாக இருக்கும், ஆனால் யாரும் சொல்லாத கருத்துக்குச் சொன்ன மறுப்பு அது. கட்டுரையை அருகில் வைத்துக்கொண்டு, 'சில', 'பெரும்பாலும்', 'வரை', 'தவிர' போன்ற வரம்புச் சொற்கள் சுருக்கத்தில் பிழைத்திருக்கின்றனவா என்று பார்த்தால் இது உடனே பிடிபடும். வரம்பை உதிர்த்துவிட்டு எழுதியவருக்குச் சுருக்கத்தில் பாதிக்கு மேல் தரக் கூடாது. விமர்சனப் பகுதியிலும், அந்தத் தவறான சுருக்கத்தை மட்டுமே நம்பி நிற்கும் வாதத்துக்கு மதிப்பெண் இல்லை.

திருத்துகிறவரின் பக்கத்தில் வரும் கோளாறுகளில் பெரியது, ஒரு பகுதியின் தாக்கம் அடுத்த பகுதியில் ஒட்டிக்கொள்வது. சுருக்கம் அழகாக இருந்தால் விமர்சனமும் நன்றாக இருப்பதாகவே தோன்றும். இதற்கு எளிய வழி உண்டு. ஒரு தாளை முழுவதும் திருத்திவிட்டு அடுத்த தாளுக்குப் போகாமல், எல்லாத் தாள்களிலும் சுருக்கத்தை மட்டும் முதலில் திருத்துங்கள். பிறகு தாள்களின் வரிசையைக் கலைத்துவிட்டு விமர்சனம், அதன் பிறகு தீர்ப்பு. நேரம் கொஞ்சம் கூடும்தான். ஆனால் ஒரே பகுதியை அடுத்தடுத்துப் படிப்பதால், எது 3, எது 5 என்ற அளவு கையில் நிலைக்கும்.

போட்டி என்றால் இரண்டு பேர் தனித்தனியே திருத்துவது நல்லது. ஏதாவது ஒரு பகுதியில் இருவருக்கும் 3 அல்லது அதற்கு மேல் வித்தியாசம் வந்தால், சராசரி எடுத்து முடித்துவிடாதீர்கள். நூலையும் தாளையும் எதிரில் வைத்துக்கொண்டு, எந்த வாக்கியத்துக்காகக் கூட்டினோம், எதற்காகக் குறைத்தோம் என்று பேசுங்கள். பேசினால், ஒருவர் ஒரு வரியைக் கவனிக்காமல் விட்டிருப்பார், இல்லையென்றால் மாணவரின் கருத்து அவருக்குப் பிடிக்காமல் இருந்திருக்கும். முதலாவதைத் திரும்பப் படித்தால் சரிசெய்துவிடலாம். இரண்டாவதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: இதே காரணங்களோடு இதற்கு நேர்மாறான முடிவை எழுதியிருந்தால், இதே மதிப்பெண்ணைப் போட்டிருப்பேனா?

ஆசிரியர்களுக்கும் நடுவர்களுக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை மதிப்புரை எழுதச் சொல்லும்போது 6, 8, 6 என்ற பிரிவையும், ஒவ்வொன்றுக்குமான கேள்வியையும் மாணவர் கையில் முதலிலேயே கொடுத்துவிடுங்கள். திருத்திக் கொடுக்கும்போது மூன்று எண்களை எழுதுங்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். காரணம் எழுத முடியாத எண்ணை அடித்துவிட்டு, அந்தப் பகுதியை மறுபடியும் படியுங்கள்.